75 சதவீதம் வாங்கினால் 100 சதவீதமும் கணக்கில் வருவது ஏன்?

வேதாந்தா நிறுவனத்தின் 2023-24 ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கை, அதாவது துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கை, எடுத்துக் கடைசிப் பகுதிக்குப் போனால், ஒன்றுக்கு இரண்டாக லாபம் இருக்கும். வரி போக நிகர லாபம் 7,539 கோடி ரூபாய். சில வரிகள் கீழே, தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு உரியது 4,239 கோடி ரூபாய். இடையில் 3,300 கோடி குறைகிறது. அது செலவும் இல்லை, வரியும் இல்லை. குழுமம் சம்பாதித்ததுதான், ஆனால் வேதாந்தாவின் பங்குதாரர்களுக்குச் சேராதது. இந்த 3,300 கோடிக்குப் பழைய பெயர் மைனாரிட்டி இன்ட்ரஸ்ட். இன்றைய பெயர் நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட், அதாவது கட்டுப்பாடு இல்லாதவர்களின் பங்கு.

இன்ட்ரஸ்ட் என்றதும் வட்டி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அந்தச் சொல்லுக்கு உரிமைப் பங்கு என்று பொருள். இந்தக் கட்டுரையில் சிறுபான்மைப் பங்கு என்றே எழுதுகிறேன். பெயர் பழசுதான், ஆனால் பங்குச் சந்தை பேசுகிறவர்கள் வாயில் இன்னும் அதுதான் இருக்கிறது.

முதலில் வருகிற சந்தேகம் இது. ஒரு கம்பெனியில் 75 சதவீதப் பங்குதான் நம்முடையது என்றால், அதன் விற்பனையில், இயந்திரத்தில், கடனில் 75 சதவீதத்தை மட்டும் நம் கணக்கில் சேர்த்தால் போதாதா? எதற்கு முழுவதையும் சேர்த்துவிட்டு, பிறகு அடுத்தவர் பங்கைக் கழிக்க வேண்டும்?

பிரிக்கப்படாத ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு அண்ணனுக்கு, கால் பங்கு வெளியூரில் இருக்கும் பங்காளிக்கு. எந்த மரத்தில் எப்போது காய் வெட்டுவது, உரம் எவ்வளவு, வியாபாரி யார் என்று முடிவு செய்வது அண்ணன் ஒருவர்தான். காய் முழுவதும் அவர் களத்தில்தான் வந்து விழுகிறது. நூறு மரத்தில் எழுபத்தைந்தை மட்டும் அவர் நிர்வகிப்பதில்லை. அதனால் தோப்புக் கணக்கில் நூறு மரமும் இருக்கும், கடைசியில் பங்காளிக்கு உரிய கால் பங்கு தனியாக எழுதி வைக்கப்படும். ஒருங்கிணைந்த கணக்கின் தர்க்கம் இவ்வளவுதான். உடைமை எவ்வளவு என்பது லாபத்தைப் பிரிக்கும்போது வருகிற கேள்வி. எதைச் சேர்ப்பது என்பதைக் கட்டுப்பாடு யார் கையில் என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்தியாவில் இதைச் சொல்வது இன்ட் ஏஎஸ் 110 என்ற கணக்கியல் தரநிலை. துணை நிறுவனம் வைத்திருக்கும் கம்பெனி இப்படி ஒருங்கிணைந்த கணக்கும் தயாரிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 129-வது பிரிவு சொல்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இது மண்டையில் ஏறாது.

வாங்கிய நாள்

ஒரு பனியன் கம்பெனி, ஒரு நூல் மில்லின் 75 சதவீதப் பங்கை 90 கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிறது. மீதி 25 சதவீதம் மில்லின் பழைய முதலாளி குடும்பத்திடமே இருக்கிறது. எல்லாமே கற்பனைதான், கூட்டிக் கழிக்க வசதியான எண்களாக வைத்திருக்கிறேன்.

மில்லின் புத்தகத்தில் பங்கு மூலதனம் 40 கோடி, பிரித்துக் கொடுக்காத லாபமாகச் சேர்ந்திருக்கும் காப்பு 40 கோடி, ஆக நிகர மதிப்பு 80 கோடி. ஆனால் புத்தகத்தில் இருப்பது பழைய விலை. வாங்கிய நாளில் எல்லாவற்றையும் அன்றைய நியாய மதிப்புக்கு மாற்ற வேண்டும். நிலம் புத்தகத்தைவிட 10 கோடி அதிகம் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொல்கிறார், இயந்திரங்களும் 10 கோடி அதிகம். ஆக நிகர மதிப்பு 100 கோடி. (இந்த உயர்வுக்காக ஒத்திவைத்த வரி என்று ஒன்றும் உண்மையில் எழுத வேண்டும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

இந்த 100 கோடியில் கால் பங்கு பழைய குடும்பத்துடையது. எனவே முதல் நாளில் சிறுபான்மைப் பங்கு 25 கோடி. மில்லின் சொத்தும் கடனும் முழுதாகப் பனியன் கம்பெனியின் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகின்றன. மில்லின் பங்கு மூலதனமான 40 கோடியும், வாங்குவதற்கு முன் சேர்ந்த 40 கோடிக் காப்பும் அங்கே தலைகாட்டாது. அவற்றின் இடத்தில்தான் இந்த 25 கோடி நிற்கிறது.

கொடுத்தது 90, பங்காளிக்கு உரியது 25, கூட்டினால் 115. கைக்கு வந்த நிகரச் சொத்து 100. மிச்சம் 15 கோடி நற்பெயர், ஆங்கிலத்தில் குட்வில் என்பார்களே அது.

இந்த இடத்தில் ஒரு கிளைவழி உண்டு. சிறுபான்மைப் பங்கை நிகரச் சொத்தில் விகிதப்படி அளக்காமல், அந்த 25 சதவீதப் பங்குகளுக்கே தனியாக ஒரு நியாய மதிப்பு போடலாம். அது 28 கோடி என்று வந்தால், நற்பெயர் 90 கூட்டல் 28 கழித்தல் 100, அதாவது 18 கோடி ஆகும். கூடுதலான 3 கோடி, குடும்பத்தின் பங்குக்கு உரிய நற்பெயர். இந்த இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று ஒவ்வொரு கையகப்படுத்தலிலும் தனித்தனியே தேர்ந்துகொள்ள இன்ட் ஏஎஸ் 103 அனுமதிக்கிறது. இரண்டு கம்பெனிகளின் நற்பெயரை ஒப்பிடும்போது இந்தத் தேர்வைப் பார்க்காமல் ஒப்பிட்டால் தப்பாகும். நாம் எளிய வழியான 25 கோடியுடனே போவோம்.

25 சதவீதம் வைத்திருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு 90 கோடியில் மூன்றில் ஒரு பங்கான 30 கோடி மதிப்பு இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். 90 கோடி என்பது மில்லைத் தன் பேச்சுக்கு ஆட வைக்கும் உரிமைக்கும் சேர்த்துக் கொடுத்த விலை. அந்த உரிமை குடும்பத்திடம் இல்லை. அதனால்தான் நியாய மதிப்பு வழியிலும் 28 என்று வைத்தேன்.

ஓர் ஆண்டு கழித்து

மில் தன் சொந்தப் புத்தகப்படி 16 கோடி லாபம் காட்டுகிறது. கால் பங்கு 4 கோடி என்று உடனே எழுதிவிடுவதுதான் புதிதாகக் கணக்கு படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன். அந்த 16 கோடி, மில் தன்னைத் தனிக் கம்பெனியாகப் பார்த்துப் போட்ட கணக்கு. குழுமத்தின் கண்ணால் பார்த்தால் அதில் இரண்டு திருத்தம் தேவை.

முதலாவது தேய்மானம். இயந்திரத்தை 10 கோடி உயர்த்தி எழுதினோம், இன்னும் 5 ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயர்வு ஆண்டுக்கு 2 கோடி வீதம் தேய வேண்டும். மில்லின் புத்தகத்துக்கு இந்த உயர்வே தெரியாது, எனவே அதில் அந்தச் செலவும் இல்லை. 16 இப்போது 14 ஆகிறது. நிலம் தேயாது, அதற்குத் திருத்தம் இல்லை.

இரண்டாவது, மில் யாருக்கு நூல் விற்றது என்பது. ஒரு பகுதி பனியன் கம்பெனிக்கே போயிருக்கிறது. அதில் கொஞ்சம் நூல் ஆண்டு முடிவில் பின்னப்படாமல் கம்பெனியின் கோடவுனிலேயே கிடக்கிறது. அந்த நூலின் மேல் மில் வைத்த லாபம் 2 கோடி. குழுமமாகப் பார்த்தால் நூல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நகர்ந்ததே ஒழிய வெளியாள் யாரும் வாங்கவில்லை. வெளியே விற்காத சரக்கில் லாபம் கிடையாது. எனவே இன்னொரு 2 கோடியைக் கழிக்க வேண்டும். 14 இப்போது 12.

இந்த 12 கோடியில் கால் பங்கு, அதாவது 3 கோடி, சிறுபான்மையினருக்கு உரியது. நூல் துணை நிறுவனத்திலிருந்து தாய்க்கு மேல்நோக்கிப் போனதால், லாபம் வைத்தது மில். அதனால் கழிவில் குடும்பத்துக்கும் கால் பங்கு விழுவதுதான் வழக்கம். மாறாகப் பனியன் கம்பெனி ஏதோ ஒன்றை மில்லுக்கு விற்று, அது மில்லில் தேங்கியிருந்தால், அந்த லாபத்தை வைத்தவர் தாய். கழிவு முழுவதும் தாயின் பங்கில்தான் விழும், குடும்பத்தின் பங்கைத் தொடாது. தேர்வுத் தாளில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இது. நிஜ அலுவலகத்தில் இன்னும் மோசம், எந்தக் கிடங்கில் யார் சரக்கு கிடக்கிறது என்ற பட்டியலே மே மாதம்தான் வந்து சேரும்.

பிறகு பங்காதாயம், அதாவது டிவிடெண்ட். மில் 8 கோடி அறிவிக்கிறது. 6 கோடி பனியன் கம்பெனிக்கு, 2 கோடி குடும்பத்துக்கு. கம்பெனியின் தனிக் கணக்கில் அந்த 6 கோடி இதர வருமானமாக உட்கார்ந்திருக்கும். ஒருங்கிணைந்த கணக்கில் அதை நீக்கிவிட வேண்டும், ஏனென்றால் மில்லின் லாபத்தை ஏற்கெனவே முழுதாகச் சேர்த்தாயிற்று. நீக்காவிட்டால் ஒரே பணம் இரண்டு முறை லாபமாகும். குடும்பத்துக்குப் போன 2 கோடி மட்டும் உண்மையில் குழுமத்தை விட்டு வெளியேறிய பணம். அது லாப நட்டக் கணக்கில் செலவாக வராது, சிறுபான்மைப் பங்கின் இருப்பைக் குறைக்கும்.

இப்போது சிறுபான்மைப் பங்கின் கணக்கு ஒரே வரியில் அடங்கும்: தொடக்கம் 25, லாபத்தில் சேர்ந்தது 3, எடுத்துக்கொண்டது 2, முடிவில் 26 கோடி. சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மில்லின் திருத்திய நிகர மதிப்பு 100 கூட்டல் 12 கழித்தல் 8, அதாவது 104. அதில் கால் பங்கு 26. ஒத்துப்போகிறது. இப்படி ஒத்துப்போகவில்லை என்றால் தேய்மானம், தேங்கிய நூல், பங்காதாயம் என்ற மூன்று திருத்தங்களில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்று பொருள். அநேகமாகத் தேய்மானமாக இருக்கும்.

பனியன் கம்பெனியின் சொந்த லாபம் 50 கோடி என்றால், பங்காதாயத்தை நீக்கியபின் 44. அதோடு மில்லின் 12 சேர்ந்து குழும லாபம் 56 கோடி. அதில் தாயின் பங்குதாரர்களுக்கு 53, சிறுபான்மையினருக்கு 3. கம்பெனிக்கு 10 கோடிப் பங்குகள் இருந்தால், ஒரு பங்குக்கான வருவாய் 5 ரூபாய் 30 காசு. 5 ரூபாய் 60 காசு அல்ல. இபிஎஸ் என்று அறிக்கையில் பார்ப்பது எப்போதுமே சிறுபான்மைப் பங்கு போனபின் வரும் எண்தான்.

வேதாந்தாவுக்குத் திரும்பினால்

2002-ல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் 26 சதவீதத்தை, நமக்குத் தூத்துக்குடியால் பரிச்சயமான, இன்றைய வேதாந்தாவின் முன்னோடியான ஸ்டெர்லைட் குழுமத்துக்கு விற்றது. பொதுப் பங்குதாரர்களிடமிருந்தும் பிறகு அரசிடமிருந்தும் மேலும் வாங்கி அந்தப் பங்கு 64.92 சதவீதமானது. 2024 மார்ச்சில் மத்திய அரசிடம் 29.54 சதவீதம் இருந்தது, மீதி சுமார் 5.5 சதவீதம் பொதுமக்களிடமும் நிதி நிறுவனங்களிடமும். ஆக வேதாந்தாவின் புத்தகத்தில் சிறுபான்மையினர் என்று தெரிகிறவர்களில் மிகப் பெரியவர் இந்திய அரசு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

2023-24-ல் ஹிந்துஸ்தான் ஜிங்க்கின் லாபம் 7,759 கோடி. அதில் 35.08 சதவீதம் என்றால் சுமார் 2,720 கோடி வெளியாருக்கு. மீதி, 49 சதவீதம் அரசிடம் இருக்கும் பால்கோ போன்ற துணை நிறுவனங்களிலிருந்தும், மேலே பார்த்த மாதிரியான திருத்தங்களிலிருந்தும் வருகிறது. இப்படித்தான் 3,300 கோடி சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹிந்துஸ்தான் ஜிங்க்கின் 7,759 கோடி, வேதாந்தா குழுமத்தின் மொத்த லாபமான 7,539 கோடியைவிடப் பெரியது. பெரிய வட்டிச் செலவும் மற்ற தொழில்களின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து, துத்தநாகத்துக்கு வெளியே நிகரமாக எதுவும் மிஞ்சவில்லை. விளைவாக, ஒரு துணை நிறுவனத்தில் 35 சதவீதம் வைத்திருப்பவர்கள் உட்பட வெளியாருக்குக் குழும லாபத்தில் ஏறத்தாழ 44 சதவீதம் போய்விட்டது. சிறுபான்மையினருக்கு லாபம் வரும் கம்பெனியில் பங்கு. தாயின் பங்குதாரர்களுக்கோ லாபத்திலும் பங்கு, தாயின் கடனுக்கான வட்டி முழுவதும் அவர்கள் தலையில். எனவே 7,539 கோடியை எடுத்து வேதாந்தாவின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டு விலை வருவாயைப் போல் எத்தனை மடங்கு என்ற பி.இ. விகிதம் போட்டால் பங்கு உண்மையைவிட மலிவாகத் தெரியும்.

பங்காதாயத்தின் வேலையையும் இங்கேயே பார்க்கலாம். 2022-23-ல் ஹிந்துஸ்தான் ஜிங்க் பங்குக்கு 75 ரூபாய் 50 காசு, மொத்தம் சுமார் 31,900 கோடி ரூபாய் பங்காதாயம் கொடுத்தது. அந்த ஆண்டின் லாபம் 10,511 கோடிதான். வெளியாரின் கணக்கில் லாபமாகச் சேர்ந்தது சுமார் 3,690 கோடி, பங்காதாயமாக வெளியேறியது சுமார் 11,190 கோடி. லாபம் வந்த ஆண்டிலேயே சிறுபான்மைப் பங்கு பல ஆயிரம் கோடி சுருங்கியது இதனால்தான். தாய்க்கு 20,700 கோடி கிடைக்க வேண்டும் என்றால் கூடவே வெளியாருக்கும் அவர்கள் விகிதம் போய்த்தான் ஆக வேண்டும். துணை நிறுவனத்தின் பணத்தைத் தாய் எடுத்துக்கொள்வதில் உள்ள செலவு இது. ஒருங்கிணைந்த பணப்பாய்வு அறிக்கையில் நிதிசார் நடவடிக்கைகள் பகுதியில், சிறுபான்மையினருக்குக் கொடுத்த பங்காதாயம் தனி வரியாக இருக்கும். குழுமத்தின் ரொக்கம் எவ்வளவு உண்மையில் தாயின் கைக்கு எட்டும் என்று பார்க்க நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

கடனா, மூலதனமா?

இருப்புநிலைக் குறிப்பில் இதை எங்கே வைப்பது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. குழுமம் அந்தக் குடும்பத்துக்கு 26 கோடி தர வேண்டும் என்று எந்தத் தேதியும் இல்லை, எந்த ஒப்பந்தமும் இல்லை. எனவே அது கடன் ஆகாது. தாயின் பங்குதாரர்களுடையதும் அல்ல. பழைய கணக்கியல் தரநிலையான ஏஎஸ் 21 இதை இரண்டுக்கும் நடுவே தொங்கவிட்டது. இன்ட் ஏஎஸ் அதை மூலதனத்துக்குள் கொண்டுவந்து, தாயின் பங்குதாரர்களின் மூலதனத்துக்குக் கீழே தனி வரியாக வைக்கச் சொல்கிறது. பட்டியலிடப்படாத சிறிய கம்பெனிகள் பல இன்னும் ஏஎஸ் 21-ஐத்தான் பின்பற்றுகின்றன, ஆகவே இரண்டு விதமும் கண்ணில் படும்.

இந்த இடமாற்றத்தால் வந்த பெரிய மாற்றம் நட்டத்தில்தான் தெரியும். நம் மில் தொடர்ந்து நட்டத்தில் ஓடி, குடும்பத்தின் 26 கோடியும் கரைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் 8 கோடி நட்டம். ஏஎஸ் 21-ல் குடும்பம் ஈடுசெய்வதாகக் கட்டுப்பட்டிருந்தால் ஒழிய, அந்த 8 கோடி முழுவதும் தாயின் தலையில். இன்ட் ஏஎஸ் 110-ல் அப்போதும் 2 கோடி குடும்பத்தின் பங்காகவே எழுதப்படும், சிறுபான்மைப் பங்கு மைனஸில் போகும். குடும்பம் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கட்டப்போவதில்லை, பங்குதாரரின் பொறுப்பு போட்ட முதலோடு முடிகிறது. ஆகவே மைனஸில் நிற்கும் சிறுபான்மைப் பங்கைப் பார்த்தால், தாயின் பங்குதாரர்களுக்குக் காட்டும் லாபம் கொஞ்சம் அழகாகத் தெரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மில்லைத் தூக்கி நிறுத்தப் பணம் போட நேர்ந்தால் போடப்போவது தாய் மட்டும்தான்.

மூலதனம் என்று ஆனதன் இன்னொரு விளைவு, கட்டுப்பாட்டை இழக்காமல் பங்கை விற்றால் லாபம் பிறக்காது என்பது. 2024 ஆகஸ்டில் வேதாந்தா ஹிந்துஸ்தான் ஜிங்க்கில் கொஞ்சம் விற்றுத் தன் பங்கை 64.92-லிருந்து 63.42 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. தனிக் கணக்கில் அது முதலீட்டை விற்ற லாபம். ஒருங்கிணைந்த கணக்கில் அது உரிமையாளர்களுக்குள் பங்கு கைமாறியது, அவ்வளவுதான். சிறுபான்மைப் பங்கு, ஹிந்துஸ்தான் ஜிங்க்கின் புத்தக நிகர மதிப்பில் ஒன்றரை சதவீத அளவுக்குக் கூடும், வந்த பணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் லாப நட்டக் கணக்கை எட்டிப் பார்க்காமல் நேராக மூலதனத்தில் சேரும். ஒரே விற்பனை இரண்டு அறிக்கையில் இரண்டு விதமாகத் தெரிவதைப் பார்த்து ஏதோ தில்லுமுல்லு என்று நினைக்கத் தேவையில்லை.

கடைசியாக, இந்த எண்ணை எடுத்துப் பயன்படுத்தும்போது வரும் சிக்கல் ஒன்று. ஒரு குழுமத்தின் மொத்தத் தொழில் மதிப்பைக் கணக்கிடுகிறவர்கள் தாயின் சந்தை மதிப்போடு நிகரக் கடனையும் சிறுபான்மைப் பங்கையும் கூட்டுவார்கள். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தில் துணை நிறுவனத்தின் 100 சதவீதமும் இருப்பதால், மதிப்பிலும் 100 சதவீதம் இருக்க வேண்டும் என்பது காரணம். கூட்டுவது சரி. எந்த எண்ணைக் கூட்டுவது என்பதில்தான் சறுக்குகிறது. 2024 மார்ச் முடிவில் ஹிந்துஸ்தான் ஜிங்க்கின் புத்தக நிகர மதிப்பு சுமார் 15,200 கோடி. அதன் சந்தை மதிப்போ ஒரு லட்சம் கோடிக்கு மேல். 35 சதவீதம் என்பது புத்தகப்படி 5,300 கோடி, சந்தைப்படி 35,000 கோடிக்கு மேல். இருப்புநிலைக் குறிப்பில் உள்ள சிறுபான்மைப் பங்கை அப்படியே எடுத்துக் கூட்டினால் முப்பதாயிரம் கோடி அளவில் விடுபட்டுப்போகும். துணை நிறுவனம் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் அன்றைய விலையைப் பெருக்கிப் போடுங்கள். பட்டியலிடப்படாத நூல் மில் மாதிரி என்றால், சிறுபான்மையினரின் ஓராண்டு லாபமான 3 கோடியை அந்தத் தொழிலில் வழங்கும் பி.இ. விகிதத்தால் பெருக்கிப் பார்ப்பது, புத்தகத்தில் உள்ள 26 கோடியைவிட உண்மைக்குக் கிட்டே வரும்.